குளக்கட்டு முன்னே, குளம் பின்னே: வயற்சொற்களை அடுக்கும் வழிகள் பற்றிய ஒப்பீடு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறை மாவட்டத்தின் சம்மாந்துறைப் பக்கத்திலும் வேளாண்மை செய்பவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட ஏறக்குறைய நானூறு சொற்கள் மூன்று கோப்புகளாக என் கைக்கு வந்தன. ஒவ்வொரு கோப்பையும் வேறொருவர் தட்டச்சுச் செய்திருந்தார். ஒருவர் பாமினி எழுத்துருவிலும் மற்ற இருவர் யுனிகோட்டிலும் எழுதியிருந்தார்கள். வேறு மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வரும் உத்தியோகத்தர்களும், கூட்டக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்களும், உயர்தர மாணவர்களும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஒரு சிறு சொற்றொகுதியாக அவற்றை ஆக்கித் தருவது என் பொறுப்பாயிற்று. சொற்களை எந்த வரிசையில் வைப்பது, பதிவுகளை எந்த நடையில் எழுதுவது, உறவுள்ள சொற்களை எப்படி ஒன்றோடொன்று இணைப்பது என்ற மூன்று கேள்விகளையும் முதலில் தனித்தனியாகவே எண்ணினேன். வேலையில் இறங்கிய பின்னர்தான் முதற் கேள்விக்குச் சொல்லும் விடை மூன்றாவது கேள்வியின் சுமையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பது தெரிந்தது. ஆகையால் இங்கே வழிகளை ஒப்பிடும்போது வரிசைக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதல் மாற்றுவழி பொருள் வாரியாக அடுக்குவது. நீர், நிலம், கருவி, ஆட்கள், அறுவடை என்று பிரித்து வைத்தால் சொற்களைக் கொடுத்த விவசாயிகளுக்கு அது இயல்பாக இருக்கும். அவர்கள் சொன்னதும் அந்த ஒழுங்கில்தான். தமிழுக்கு இது புதிதுமன்று. பழைய நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர் என்று பொருள் வைப்பிலேயே சொற்களைத் தொகுத்தன. எழுத்து வரிசையில் அமைந்த அகராதி நிகண்டு 1594 இல் வந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732 இல் வந்தது. நிகண்டைப் படித்தவர்கள் அதை மனனம் செய்தார்கள், ஆகவே சொல் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று தேட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. நமது வாசகரோ கூட்டத்தில் 'வக்கடை' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, அது நீரைச் சேர்ந்ததா நிலத்தைச் சேர்ந்ததா என்பதே தெரியாமல் தொகுதியைத் திறப்பவர். பொருள் தெரியாததனால் தேடுகிறவரிடம் பொருளை வைத்துத் தேடச் சொல்வது பொருந்தாது. எனவே அகரவரிசை என்பதில் எனக்கு அதிக நேரம் செல்லவில்லை. பொருள் வாரியான பட்டியலை விளக்கமின்றி, வெறும் சொற்களாக, இறுதியில் ஒன்றரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அகரவரிசை என்று முடிவெடுத்த பின்னர்தான் உண்மையான தெரிவு தொடங்குகிறது. ஒவ்வொரு சொல்லையும் தன்னந்தனியாக அதன் எழுத்துக்குரிய இடத்தில் வைப்பது ஒரு வழி. ஒரு தலைச்சொல்லின் கீழ் அதன் கூட்டுச்சொற்களையெல்லாம் உள்ளடுக்காக வைப்பது மற்றொரு வழி. 'குளம்' என்பதன் குடும்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டையும் செய்து பார்த்தேன். எழுத்து வரிசையை அப்படியே பின்பற்றினால் குளக்கட்டு முதலில் வருகிறது, அடுத்துக் குளப்பரப்பு, அதன் பிறகே குளம். க், ப் ஆகிய எழுத்துகள் ம் என்பதற்கு முன்னே நிற்பதால், மகர ஈற்றில் முடியும் எந்தச் சொல்லும் தன் கூட்டுச்சொற்கள் பலவற்றுக்குப் பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. தாயை விட்டுப் பிள்ளைகள் முன்னால் நடப்பது போன்ற இந்தக் காட்சி முதலில் என் கண்ணை உறுத்தியது. லகர ஈற்றுச் சொற்களில் நிலைமை இன்னும் மோசம். 'கல்' ஓரிடத்தில் இருக்க, 'கற்கட்டு' வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறது. இடையிலே கலிங்கு, கழிமுகம், களம், களவெட்டி ஆகியவை வந்து அமர்ந்துகொள்கின்றன. புணர்ச்சி காரணமாகத் தமிழில் ஒரு சொற்குடும்பம் எழுத்து வரிசையில் சிதறுவது தவிர்க்க முடியாதது.

உள்ளடுக்கு முறை இந்தச் சிதறலைக் குணப்படுத்துகிறது. குளம் என்ற தலைச்சொல்லின் கீழ் குளக்கட்டு, குளப்பரப்பு, வான், வான் கதவு, துருசு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். ஆனால் டிசம்பர் மழையில் 'வான் கதவு திறந்தாச்சு' என்று தொலைபேசியில் கேட்ட உத்தியோகத்தர் வகர வரிசையில்தான் தேடுவார். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் தொகுதியை மூடிவைத்துவிடுவார். ஆகவே வகர வரிசையில் 'வான் கதவு: குளம் காண்க' என்ற வரி எப்படியும் வேண்டும். அப்படி உள்ளடுக்கில் போன ஒவ்வொரு சொல்லுக்கும் வெளியே ஒரு வெற்று வரி எழுத வேண்டியிருந்தது. வாசகரும் இரண்டு முறை புரட்ட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. வக்கடை என்பது வரம்பின் கீழா, வயலின் கீழா, வாய்க்காலின் கீழா என்று தொகுப்பவரே தடுமாறும் சொற்கள் வயற்பேச்சில் ஏராளம். நான் உள்ளடுக்கைக் கைவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் தன் விளக்கத்தோடு நிற்கட்டும். குடும்பத்தைச் சேர்த்துக் காட்டும் வேலையை இணைப்புக் குறிப்புகள் செய்யட்டும் என்பதே நான் எடுத்த முடிவு. பெரிய அகராதி ஒன்றில் இது பக்கங்களை விழுங்கக்கூடும். நானூறு சொற்களில் அந்தக் கவலை இல்லை.

இனி அந்த எழுத்து வரிசையைக் கணினியில் பெறுவது எப்படி என்பது. பலர் இதைக் கேள்வியாகவே எடுப்பதில்லை. விரிதாளில் அகர வரிசைப் பொத்தானை அழுத்திவிட்டு வேலை முடிந்ததென்று நம்பிவிடுகிறார்கள். யுனிகோட் அட்டவணையில் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்ட எண் வரிசை வேறு, நாம் பள்ளியில் கற்ற நெடுங்கணக்கு வேறு. அட்டவணையில் ன என்பது ந என்பதை அடுத்தும், ற என்பது ர என்பதை அடுத்தும், ஜ என்பது ச என்பதை அடுத்தும் உள்ளன. ழ என்பது ள என்பதற்குப் பின்னால் போய்விட்டது. ஆய்தம் அகரத்துக்கே முன்னால் நிற்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு புள்ளியால் வருவது. அகராதி மரபில் 'ட்' முன்னும் 'ட' பின்னும் வரும். கணினியில் புள்ளி ஒரு தனிக் குறியாக, எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே எண் பெற்றிருப்பதால், வெறும் எண் வரிசையில் அது தலைகீழாகிறது.

எந்த மென்பொருளையும் சோதிக்க நான் ஒன்பது சொற்களை வைத்திருக்கிறேன். மரபு வரிசையில் அவை கட்டு, கடகம், கண்டம், கமம், கல்லோயா, கலிங்கு, கழிமுகம், களவெட்டி, கன்று என்று அமையும். வெறும் எண் வரிசையில் அடுக்கும் மென்பொருள் கடகம், கட்டு, கண்டம், கன்று, கமம், கலிங்கு, கல்லோயா, களவெட்டி, கழிமுகம் என்று தரும். கன்று நான்காவது இடத்துக்கு ஏறியிருந்தாலோ, கட்டு கடகத்துக்குப் பின்னே இறங்கியிருந்தாலோ அந்த வரிசையை நம்பக்கூடாது. லிப்ரே ஆபிஸில் வரிசைப்படுத்தும் சாளரத்திலேயே மொழியைத் தமிழ் என்று தெரிவு செய்ய இடமுண்டு. எக்செல் கணினியின் பிராந்திய அமைப்பைப் பார்த்து நடந்துகொள்கிறது. இரண்டிலும் ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக வர வாய்ப்பிருக்கிறது. ஆகவே பெரிய கோப்பை ஒப்படைப்பதற்கு முன்னர் இந்த ஒன்பது சொற்களையும் குலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

மூன்று பேர் மூன்று கணினிகளில் திருத்திக்கொண்டிருந்த எங்கள் நிலையில், மென்பொருளின் அமைப்பை நம்புவதை விட விதியை நாமே எழுதி வைப்பது பாதுகாப்பாகப் பட்டது. பைதன் மொழியில் அது இவ்வளவுதான்:

```python
import unicodedata
UYIR = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"
MEI = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"

def key(word):
    out = []
    for c in unicodedata.normalize("NFC", word):
        if c in UYIR:
            out.append((UYIR.index(c), 0))
        elif c in MEI:
            out.append((20 + MEI.index(c), 1))
        elif c == "\u0bcd":
            out[-1] = (out[-1][0], 0)
        elif "\u0bbe" <= c <= "\u0bcc":
            out[-1] = (out[-1][0], ord(c))
    return out
```

ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு எண்களை இது கொடுக்கிறது. முதல் எண் அது எந்த மெய் என்பதையும், இரண்டாவது எண் அதில் ஏறியிருப்பது புள்ளியா, அகரமா, வேறு உயிரா என்பதையும் காட்டுகிறது. புள்ளிக்குச் சுழியமும் அகரத்துக்கு ஒன்றும் கொடுத்திருப்பதால் 'ட்' முன்னே வந்துவிடும். NFC என்ற வரி, 'கொ' என்பதை ஒருவர் ஒற்றைக் குறியாலும் இன்னொருவர் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாலும் எழுதியிருந்தால் இரண்டையும் ஒன்றாக்குகிறது. இடைவெளிக்கும் இணைகோட்டுக்கும் இந்த விதியில் எண்ணே இல்லை என்பதையும் கவனிக்கவும். அதை வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஏனென்றால் இடைவெளியை எண்ணிக்கொண்டு அடுக்குவதா, இடைவெளியே இல்லாததுபோல் அடுக்குவதா என்பதும் ஒரு தெரிவு. ஆங்கில அகராதிகளில் இரண்டு முறைக்கும் ஆதரவாளர்கள் உண்டு. தமிழில் எனக்கு இதில் ஐயமே இல்லை. ஒரு கோப்பில் 'நீர்மட்டம்' என்றும் இன்னொன்றில் 'நீர் மட்டம்' என்றும் இருந்தது. இடைவெளியை எண்ணினால் பின்னது 'நீர்' என்பதை ஒட்டி, நீர்த்தேக்கத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் முன்னால் ஏறிவிடும். முன்னது அவற்றுக்குப் பின்னால் நிற்கும். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் படித்தவர்களே ஒத்துப்போகாத ஒரு மொழியில், அந்த இடைவெளியிடம் வரிசையை ஒப்படைப்பது நியாயமன்று. இடைவெளியைப் புறக்கணித்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும்; இரட்டைப் பதிவு இருப்பதும் அப்போதே கண்ணில் படும்.

பாமினிக் கோப்பைப் பற்றி ஒரு சொல். அதை யுனிகோட்டுக்கு மாற்றாமல் அடுக்க முடியாது; அங்கே கணினி பார்ப்பது ஆங்கில விசைகளை மட்டுமே, அதிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும். மாற்றிய பின்னரும் ஒரு பிழை தங்கிவிடும். அதை நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். மேட்டுநிலப் பயிர்களில் 'கௌபி' ககர வரிசையின் கடைசியில், கோ வரிசைக்குப் பின்னால் வர வேண்டும். எங்கள் பட்டியலில் அது கெ வரிசையில் உட்கார்ந்திருந்தது. திரையில் எழுத்துகள் சரியாகவே தெரிந்தன. பாமினியில் அந்தச் சொல்லை `nfsgp` என்று தட்டுவார்கள். ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்குத் தனி விசை கிடையாது, ளகரத்துக்குரிய `s` என்ற விசையே இரண்டுக்கும் பயன்பட்டது. மாற்றும் கருவி அதை ளகரம் என்று எடுத்துக்கொண்டு 'கெளபி' என்று எழுதிவிட்டது. NFC இதைத் திருத்தாது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை இது பிழையே அன்று. எல்லா 'கெள'வையும் 'கௌ' என்று ஒரேயடியாக மாற்றிவிடவும் கூடாது. வாவியில் பிடிபடும் கெளுத்தி 'கௌுத்தி' என்று குலைந்துபோகும். மெய், கொம்பு, ளகரம் என்ற தொடரைத் தேடியெடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்துவதே வழி. யுனிகோட்டிலேயே தட்டச்சுச் செய்பவர்களும் இதைச் செய்வதுண்டு என்பதால், பாமினிக் கோப்பு இல்லாதவர்களும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

பதிவுகளின் நடைக்கு வருகிறேன். மூன்று கோப்புகளிலிருந்தும் மூன்று பதிவுகளை அப்படியே தருகிறேன். 'வக்கடைகள் – வரம்பில தண்ணி போறத்துக்கு வெட்டுற வழி.' 'வட்டை விதானை என்பவர் ஒரு வட்டையின் தண்ணீர் விடயங்களைப் பார்ப்பவராவார்.' 'வான் பாய்தல்: குளம் நிறைந்தால் நடக்கும்.' முதலாவது பன்மையில் தலைச்சொல்லைக் கொடுத்துப் பேச்சு நடையில் விளக்குகிறது. இரண்டாவது முழு வாக்கியமாக நீள்கிறது, தலைச்சொல்லை விளக்கத்தில் மீண்டும் சொல்கிறது. மூன்றாவது எப்போது நடக்கும் என்று சொல்கிறதே தவிர என்ன நடக்கும் என்று சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே கையால் புதிதாக எழுதுவது ஒரு வழி. அதில் ஒழுங்கு கிடைக்கும், ஆனால் சொன்னவருடைய குரல் போய்விடும். கேட்டு எழுதியதற்குப் பயனில்லாமற் போகும். நிறுத்தக்குறிகளையும் ஒருமை பன்மையையும் மட்டும் சரிசெய்துவிட்டு வாசகத்தைத் தொடாமல் விடுவது மற்றொரு வழி. அப்போது மூன்றாவது பதிவைப் போன்றவை குறையோடே அச்சேறும். நான் இரண்டுக்கும் நடுவே போனேன். விளக்கத்தை நான் எழுதினேன். விவசாயி சொன்ன வாசகத்தை அவர் சொன்னபடியே, விளக்கத்தை அடுத்து மேற்கோளாக வைத்தேன். வக்கடைப் பதிவு இப்போது இப்படி இருக்கிறது. 'வக்கடை: ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நீர் செல்வதற்காக வரம்பில் வெட்டப்படும் சிறு வழி. "வரம்பில தண்ணி போறத்துக்கு வெட்டுற வழி."' இரண்டாவது வரி முதலாவதன் மீது எனக்கு ஒரு காவலாகவும் இருந்தது. எழுத்து நடைக்கு மாற்றும்போது நான் எதையாவது கூட்டியிருந்தாலோ குறைத்திருந்தாலோ அது பக்கத்திலேயே நின்று காட்டிக்கொடுக்கும்.

தலைச்சொல் வடிவத்தில் சிரமம் தந்தவை வினைகள். பெரிய அகராதிகள் சில வினையடியைத் தலைச்சொல்லாக வைக்கின்றன. 'பாய்', 'மிதி' என்று வெறும் அடிகளை வைத்தால் நமது வாசகர் அவற்றை ஏவலாகவோ, பாயைப் படுக்கும் பாயாகவோ எடுத்துக்கொள்வார். ஆகவே 'வான் பாய்தல்', 'சூடு மிதித்தல்' என்று தொழிற்பெயராக வைத்தேன். தலைச்சொல் தொழிற்பெயரானால் விளக்கமும் தொழிற்பெயரில் முடிய வேண்டும் என்பது இதனோடு ஒட்டிய விதி: 'வான் பாய்தல்: குளம் முழுக் கொள்ளளவை எட்டிய பின் மிகை நீர் வான் வழியே வெளியேறுதல்.' விளக்கத்தை வாக்கியத்தில் தலைச்சொல் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் வாக்கியம் உடையாமல் நிற்கிறதா என்பதே நான் வைத்துக்கொண்ட சோதனை. 'குளம் நிறைந்தால் நடக்கும்' என்பது அந்தச் சோதனையில் முதல் அடியிலேயே விழுந்துவிடும்.

எழுத்துக்கூட்டல் ஒருமைப்பாடு நடையைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும் அது வரிசையையே அசைக்கிறது. 'வட்டவிதானை' என்று எழுதினால் அது 'வட்டை' என்பதற்கு முன்னே வரும். 'வட்டை விதானை' என்று எழுதினால் பின்னே வரும். 'ஹெக்டேயர்' தொகுதியின் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். 'எக்டேயர்' முன்பக்கங்களில் வந்துவிடும். எனவே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யாமல் வரிசைப்படுத்தத் தொடங்குவது இரட்டை வேலை. கைவிட்ட வடிவத்தை எறிந்துவிடவும் கூடாது, அந்த வடிவத்தைக் கேட்டவர் அதைத்தான் தேடுவார். அங்கேதான் இணைப்புக் குறிப்புகள் தொடங்குகின்றன.

இணைப்புக்கு மூன்று வழிகள் என் முன்னே இருந்தன. உறவுள்ள சொல் ஒவ்வொன்றின் கீழும் முழு விளக்கத்தையும் திரும்ப எழுதுவது முதலாவது. வாசகருக்கு அதைவிட வசதியானது எதுவுமில்லை. ஆனால் கோப்புகள் வந்தபோது அவை இருந்த நிலையே இந்த வழியின் கேட்டைக் காட்டியது. துருசு என்பதற்கு ஒருவர் 'குளத்து நீர் வெளியேறும் வழி' என்று எழுதியிருந்தார். மதகு என்பதற்கு இன்னொருவர் 'வாய்க்காலுக்கு நீர் விடும் கதவு' என்று எழுதியிருந்தார். ஒரே பொருள் இரண்டு விளக்கங்களில் பிரிந்து நடக்கத் தொடங்கிவிட்டது. அதிலும் முதல் விளக்கம் வானுக்கும் அப்படியே பொருந்தும். துருசு என்பது குளக்கட்டின் அடிப்பகுதியில் அமைந்து, பயிருக்கு வேண்டிய நீரைக் கதவால் அளந்து வாய்க்காலுக்கு விடுவது. வான் என்பது நிறைந்த குளத்தின் மிகை நீரை வெளியேற்றிக் கட்டைக் காப்பது. துருசு திறந்தால் வயலுக்கு நீர் வருகிறது என்று பொருள். வான் கதவு திறந்தால் தாழ்நிலத்தில் இருப்பவர்கள் விழித்திருக்க வேண்டும் என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பும் விளக்கத்தை எந்தச் சொற்றொகுதியிலும் விட முடியாது.

எல்லா உறவுக்கும் 'காண்க' என்ற ஒரே குறிப்பைப் போடுவது இரண்டாவது வழி. அது எழுதுபவருக்கு எளிது. வாசகருக்கோ, போகச் சொல்லும் இடத்தில் அதே பொருள் இருக்கிறதா எதிரான பொருள் இருக்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே மூன்றாவது வழியைத் தேர்ந்தேன்: இரண்டே குறிப்புகள், இரண்டுக்கும் இரண்டு வேலைகள். விளக்கமில்லாத பதிவிலிருந்து விளக்கமுள்ள பதிவுக்கு அனுப்புவது 'காண்க'. விளக்கமுள்ள இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது 'ஒப்பிடுக'. முன்னது ஒருவழிப் பாதை, பின்னது எப்போதும் இருவழிப் பாதை.

இதன்படி துருசுக் குடும்பம் இப்படி அமைந்தது. 'துருசு' விளக்கத்தைத் தாங்கி, இறுதியில் 'ஒப்பிடுக: வான்' என்று முடிகிறது. 'வான்' தன் விளக்கத்துக்குப் பின் 'ஒப்பிடுக: துருசு' என்று திருப்பிச் சொல்கிறது. 'துரிசு' என்பது எழுத்து வேறுபாடு மட்டுமே, ஆகவே 'துருசு காண்க'. 'கலிங்கு' இங்கே வயலில் அதிகம் காதில் விழாவிட்டாலும் தமிழ்நாட்டு நூல்களில் வருவதால் 'வான் காண்க'. மதகுதான் தொல்லை கொடுத்தது. நம் பக்கத்தில் மதகு என்றால் முதலில் நினைவுக்கு வருவது தெருவுக்குக் குறுக்கே நீர் கடக்கும் சிறு பாலம். குளத்து மதகு நூல் வழக்கு. எனவே அந்தப் பதிவில் முதற்பொருளுக்கு விளக்கமும் இரண்டாம் பொருளுக்குத் 'துருசு காண்க' என்ற குறிப்பும் எண்ணிட்டு வைக்கப்பட்டன. வான் கதவைத் தனிப்பதிவாக வைத்ததற்கும் காரணம் உண்டு. எல்லா வானுக்கும் கதவு இருப்பதில்லை. கதவில்லாத வானில் குளம் தானாகப் பாயும், கதவுள்ள வானை ஒருவர் திறக்க வேண்டும். 'வான் பாய்ந்தது' என்பதும் 'வான் கதவு திறக்கப்பட்டது' என்பதும் வேறு வேறு செய்திகள் என்பதால் அங்கேயும் ஓர் 'ஒப்பிடுக' தேவைப்பட்டது. குளம் என்ற பதிவின் இறுதியில் மட்டும், சிதறிய குடும்பத்தைச் சேர்த்துக் காட்டும் ஒரு சிறு வரியை அனுமதித்தேன்: 'இனச்சொற்கள்: குளக்கட்டு, குளப்பரப்பு, துருசு, வான்.' உள்ளடுக்கு முறை தந்திருக்கக்கூடிய பயன் இந்த ஒரு வரியில் கிடைத்துவிட்டது.

இரண்டு வடிவங்களில் எதற்கு விளக்கத்தைக் கொடுப்பது என்பதில் ஆசிரியர்கள் சண்டை பிடித்துக்கொள்வது வழக்கம். உச்சரிப்பு மட்டும் வேறுபட்டால் எழுத்து வடிவத்துக்குக் கொடுத்தேன்: 'வெள்ளாமை: வேளாண்மை காண்க.' சொல்லே வேறுபட்டால் இங்கே காதில் விழும் சொல்லுக்குக் கொடுத்தேன். மதகு இருக்கத் துருசு விளக்கத்தைப் பெற்றது அதனால்தான். வேளாண்மைப் பதிவில் ஒரு கூடுதல் சொல் வேண்டியிருந்தது. நூல்களில் அது பயிர்த்தொழில் முழுவதையும் குறிக்கும்; கிழக்கில் 'வேளாண்மை வெட்டுறாங்க' என்றால் வயலில் நிற்கும் நெல்லை வெட்டுகிறார்கள் என்று பொருள். ஆற்றுப் பெயரில் கை சற்றுத் தயங்கியது. 1949 இல் அமைக்கப்பட்ட அபிவிருத்திச் சபையின் பெயரிலும் ஆவணங்களிலும் 'கல்லோயா' என்றே இருக்கிறது. சொற்களைக் கொடுத்தவர்கள் 'பட்டிப்பளை ஆறு' என்றார்கள். காதில் விழும் சொல்லுக்கே விளக்கம் என்ற விதியை இங்கே மட்டும் மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை. 'கல்லோயா: பட்டிப்பளை ஆறு காண்க' என்று விட்டேன்.

குறிப்புகளை எழுதி முடித்தால் போதாது, அவை போய்ச் சேருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்று வகைப் பிழைகள் அகப்பட்டன. இல்லாத பதிவுக்கு அனுப்புவது ஒன்று. 'கமக்காரர்: விவசாயி காண்க' என்றும் 'விவசாயி: கமக்காரர் காண்க' என்றும் வாசகரைச் சுற்ற விடுவது மற்றொன்று. துரிசிலிருந்து மதகுக்கும் மதகிலிருந்து துருசுக்கும் இரண்டு தாவலில் அனுப்புவது மூன்றாவது. ஒரு 'காண்க' ஒரே எட்டில் விளக்கத்தை அடைய வேண்டும் என்ற விதியை வைத்தால் பின்னிரண்டும் ஒருங்கே ஒழியும். விரிதாளின் A நிரலில் தலைச்சொல், B நிரலில் விளக்கம், C நிரலில் 'காண்க' போகும் சொல், D நிரலில் 'ஒப்பிடுக' போகும் சொல் என்று பிரித்து வைத்தால் கணினியே தேடித் தரும்:

```
=IF(C2="","",COUNTIF(A:A,C2))
=IF(C2="","",COUNTIFS(A:A,C2,B:B,"?*"))
=IF(D2="","",COUNTIFS(A:A,D2,D:D,A2))
```

முதல் வரியில் சுழியம் வந்தால் போகும் இடமே இல்லை. இரண்டாவதில் சுழியம் வந்தால் இடம் இருக்கிறது, விளக்கம் இல்லை. சுற்றும் தாவலும் பெரும்பாலும் இங்கே பிடிபடும்; மதகு போல விளக்கமும் 'காண்க'வும் சேர்ந்திருக்கும் பதிவுக்கு அனுப்புவது மட்டும் தப்பிவிடும். மூன்றாவதில் சுழியம் வந்தால் 'ஒப்பிடுக' திரும்பி வரவில்லை. லிப்ரே ஆபிஸில் `"?*"` என்ற குறி வேலை செய்ய வேண்டுமானால் கணக்குத்தாள் அமைப்பில் பொதுக்குறிகளை அனுமதித்திருக்க வேண்டும். ஒரு நிரலில் ஒரு சொல் மட்டுமே இருக்கலாம் என்பது இதன் வரையறை. ஒரு பதிவுக்கு இரண்டு 'ஒப்பிடுக' இருந்தால் இன்னொரு நிரல் வேண்டும்.

முதல் தடவை ஓட்டியபோது வந்த சுழியங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பதிவு இருந்தது, கண்ணுக்கும் தெரிந்தது. சொல்லின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருந்த இடைவெளியும், ஒரு பக்கம் ஒற்றைக் குறியாகவும் மறுபக்கம் இரட்டைக் குறியாகவும் இருந்த 'போடியார்' போன்ற சொற்களும்தான் காரணம். கோப்பு முழுவதையும் NFC வடிவுக்கு மாற்றி, ஈற்று இடைவெளிகளை நீக்கிய பின்னர் உண்மையான பிழைகள் மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று, வயலில் வேலை செய்யும் 'முல்லைக்காரன்' பதிவிலிருந்து வயலின் சொந்தக்காரரான போடியாருக்குப் போன 'ஒப்பிடுக'. போடியார் பதிவில் முல்லைக்காரனைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை, சேர்த்தேன்.